தாத்தா–பேத்தி, தீர்த்தமலை நடை: 12 நிமிடக் குறும்பட ஸ்கிரிப்ட், எங்கே இடிக்கிறது?

நடைவண்டி
வணக்கம். சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம், வேலை ஓசூரில். ரெண்டு வருஷமா ஒரு குறும்பட ஸ்கிரிப்ட் கையில் இருக்கு. எங்கள் தாத்தா ஒவ்வொரு மாசிக்கும் கூட்டாளிகளோடு நடந்தே தீர்த்தமலைக்குப் போவார். முதலில் அனுமன்தீர்த்தத்தில் தென்பெண்ணையில் குளியல், அப்புறம் மலையேறி ராமர் தீர்த்தம். அவர் கடைசியாகப் போன வருஷம் கூட நடந்தது என் தங்கை. அதைத்தான் கதையாக்கியிருக்கிறேன்.

மொத்தம் 14 காட்சி, ஒன்பது பக்கம். படித்தவர்கள் எல்லாரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள், ஆனால் யாருக்கும் ஒரு காட்சிகூட ஞாபகத்தில் நிற்கவில்லை. கதைப்படி இருவரும் விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் மலை உச்சிக்குப் போகிறார்கள், வழிச் சாப்பாட்டுக்குப் பேத்தியின் தூக்குவாளியில் தயிர் சாதம். மூன்று காட்சிகளை மட்டும் கீழே போடுகிறேன்.

> காட்சி 1. உள். ஓட்டு வீடு. விடியற்காலை.
> தாத்தா (76) வேட்டியை இறுக்கிக் கட்டுகிறார். அவர் மனதில் ஐம்பது வருட நினைவுகள் அலைமோதுகின்றன. இது தன் கடைசி யாத்திரை என்று அவருக்குத் தெரியும். பாப்பா (9) துள்ளிக்கொண்டு வருகிறாள்.
> தாத்தா: பாப்பா, இதுதான் என்னோட கடைசி நடை.

> காட்சி 4. வெளி. டீக்கடை. காலை.
> இருவரும் டீ குடிக்கிறார்கள். தாத்தா களைப்பாக இருக்கிறார். பழைய நண்பர்களை நினைத்து ஏங்குகிறார்.

> காட்சி 6. வெளி. சாலை. பகல்.
> இருவரும் நடக்கிறார்கள். கடும் வெயில். வார்த்தையில்லாத அன்பு அவர்களுக்கிடையே ஓடுகிறது.

கடைசிக் காட்சியில் ராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்தபடியே தாத்தா உயிர் பிரிகிறது. தாராளமாகத் திட்டுங்கள்.

---

சனிக்கிழமை பயணி
அரூரிலிருந்து தீர்த்தமலைக்கு டவுன் பஸ் இருக்கு சார், பதினாறு கிலோமீட்டர்தான். வயசானவரை எதுக்கு நடக்க வைக்கணும்? மலையடிவாரத்தில் இறங்கினால் அங்கேயும் ஒரு கோயில் இருக்கு, அதைப் பார்த்துவிட்டே திரும்பிவிடலாம். படி ஏற முடியாதவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

நடைவண்டி
அண்ணா, இது ஸ்கிரிப்ட். தாத்தா தவறி நாலு வருஷம் ஆச்சு.

சனிக்கிழமை பயணி
அட, மன்னிக்கணும். தலைப்பில் தீர்த்தமலையைப் பார்த்ததும் வழி கேட்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

---

கத்திரி
எடிட்டிங் டேபிளில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் காட்சி விவரிப்பில் பாதி வரிகளைக் கேமராவால் எடுக்க முடியாது. "நினைவுகள் அலைமோதுகின்றன" என்ற வரியை ஒளிப்பதிவாளரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? முகத்துக்கு ஒரு க்ளோசப் வைப்பார், பின்னாலிருந்து ஒரு புல்லாங்குழல் வரும். "ஏங்குகிறார்", "அன்பு ஓடுகிறது" எல்லாம் அதே கதைதான். படிக்கிறவர் மனசில் அந்த உணர்வு வந்துவிடும், அதனால்தான் "நல்லா இருக்கு" என்கிறார்கள். படமாக எதுவும் பதியாததால் மறந்தும் போகிறார்கள்.

பேப்பரில் ஒரு பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு வரியிலும் கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது எது என்று பார்த்து அதன் கீழே கோடு போடுங்கள். கோடு விழாத வரி விவரிப்பில் இருக்கக் கூடாது. காட்சி 1-ல் வேட்டி கட்டுவதும் பாப்பா வருவதும் மட்டும்தான் தேறும்.

"இதுதான் கடைசி நடை" என்ற வசனத்தை முதலில் வெட்டுங்கள். முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் பார்ப்பவன் மீதிப் பதினோரு நிமிடமும் சாவுக்காகத்தான் காத்திருப்பான். கடைசி என்பதை அவர் சொல்லாமல் நமக்குத் தெரிய வேண்டும். அதற்கு உங்கள் டீக்கடையே போதும். உங்களிடம் ஒரு கேள்வி: தாத்தாவோடு வழக்கமாக எத்தனை பேர் போவார்கள்?

நடைவண்டி
நான் சின்னப் பையனாக இருந்தபோது பத்துப் பேர் இருக்கும். கடைசி சில வருஷம் ஆறு பேர். அவர் கடைசியாகப் போன வருஷம் மீதி ஐந்து பேரில் ரெண்டு பேர் இல்லை, மற்றவர்களுக்கு முட்டி வலி, கண் ஆபரேஷன். அதனால்தான் தங்கையைக் கூட அனுப்பினோம்.

கத்திரி
இவ்வளவு நல்ல விஷயத்தை வைத்துக்கொண்டு "நண்பர்களை நினைத்து ஏங்குகிறார்" என்று எழுதியிருக்கிறீர்களே! நான் எழுதினால் இப்படி:

> காட்சி 4. வெளி. சாலையோர டீக்கடை. காலை 8 மணி.
> தூரத்தில் கைத்தடியோடு வரும் தாத்தாவைக் கடைக்காரர் (60) பார்க்கிறார். ஆறு கண்ணாடி டம்ளரை எடுத்து வரிசையாக வைக்கிறார். தாத்தாவும் பாப்பாவும் வந்து பெஞ்சில் உட்காருகிறார்கள். கடைக்காரர் அவர்களுக்குப் பின்னால் சாலையை எட்டிப் பார்க்கிறார். சாலை காலி. தாத்தாவைப் பார்க்கிறார். தாத்தா கைத்தடியின் மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் நாலு டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைக்கிறார். ஒன்றில் டீ, ஒன்றில் பால்.
> தாத்தா இடுப்புப் பையைத் திறக்கிறார்.
> கடைக்காரர்: திரும்பி வரப்ப குடுக்கலாம், பெரியவரே.
> தாத்தா: இப்பவே வாங்கிக்க.
> காசை மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் டம்ளரை அதன்மேல் வைக்கிறார்.

வருஷா வருஷம் திரும்பி வரும்போது காசு கொடுப்பவர் இந்தத் தடவை போகும்போதே கொடுக்கிறார். அவ்வளவுதான். பாப்பாவுக்கு இது புரிய வேண்டியதில்லை, கடைக்காரருக்குப் புரிந்தால் போதும். கடைக்காரர் பதிலே பேசக் கூடாது. பேசினால் கெட்டுவிடும்.

---

ஊத்தங்கரை செல்வி
டம்ளர் காட்சி அருமை. நான் சினிமா ஆள் இல்லை, நடக்கிற ஆள். எங்கள் ஆயாவோடு மூன்று தடவை இதே வழியில் போயிருக்கிறேன். அதனால் சில விஷயம் கண்ணை உறுத்துகிறது.

முதலில் தூரம். ஊத்தங்கரைப் பக்கமிருந்து அனுமன்தீர்த்தம் பத்து கிலோமீட்டர் வரும். அங்கிருந்து மலையடிவாரம் இன்னும் ஏழெட்டு. உங்கள் ஸ்கிரிப்டில் விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் மலை உச்சியில் இருக்கிறார்கள். 76 வயசுக்காரர் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தால் மணிக்கு ரெண்டு, ரெண்டரை கிலோமீட்டர்தான் போக முடியும். எங்கள் ஆயா அப்படித்தான். சாலை நடைக்கே ஏழெட்டு மணி நேரம், குளியல், சாப்பாடு வேறு. அதோடு வெயிலில் மலையேற யாரும் மாட்டார்கள். முதல் நாள் அனுமன்தீர்த்தத்தில் குளித்து ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் இருட்டோடு கிளம்பி வெயில் ஏறுவதற்குள் படியேறுவதுதான் வழக்கம்.

ரெண்டாவது, மாசி என்கிறீர்கள், சாலையில் புளியையே காணோம்! ரெண்டு பக்கமும் புளியமரம், அந்த மாசத்தில்தான் உலுக்குவார்கள். தொரட்டியும் மூங்கில் கழியுமாக ஆண்கள் மேலே, கீழே சாக்கு விரித்துப் பெண்கள் பொறுக்குவார்கள். சாலையெல்லாம் ஓடு நொறுங்கிக் கிடக்கும். மாமரம் பூத்திருக்கும் வாசனை வேறு.

மூன்றாவது, சாப்பாடு. பாப்பா தூக்குவாளியில் தயிர் சாதம் கொண்டு போகிறாள். வெயிலில் ரெண்டு நாள் நடைக்குத் தயிர் சாதமா? புளிச்சோறு, இல்லையென்றால் களி உருண்டை.

ஃபிரேம் பாலா
ரெண்டு நாளாக ஆக்கினால் பட்ஜெட் ஏறும். நான் போன வருஷம் கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்கே நடந்தேன், ஒரே நாளில் நாற்பது கிலோமீட்டர் போட்டேன். பதினெட்டெல்லாம் ஒரு நாள்தான். சினிமாவில் நேரக் கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஊத்தங்கரை செல்வி
உங்களுக்கு வயசு எத்தனை தம்பி?

ஃபிரேம் பாலா
27 😀

கத்திரி
யாரும் கணக்குப் போட மாட்டார்கள் என்பது சரி. ஆனால் நிழலைப் பார்ப்பார்கள். காலையில் நீளமாக விழுந்த நிழல், மதியத்தில் காலடியில் சுருங்கின நிழல், மறுபடி விடியல் என்று வந்தால் களைப்பைத் தனியாக நடிக்கவே வேண்டாம். ரெண்டு நாள் கதையாக்கினாலும் பட்ஜெட் ஏறாது, ஷூட்டிங்கை எப்படியும் மூன்று நான்கு விடியலில்தான் எடுப்பீர்கள். ராத்திரிக் காட்சி ஒன்றுதான் கூடுதல். ஆற்றங்கரை மண்டபம், ஒரு எமர்ஜென்சி லைட், கொசு. செல்வி சொன்ன வழி உங்களுக்கு ஒரு நல்ல காட்சியை இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

---

மைக் மணி
சவுண்ட் ஆள் வந்துவிட்டேன். நடக்கிற படம் என்றால் பாதிக் கதை காலில்தான் இருக்கிறது. தாத்தாவுக்கு ரப்பர் செருப்பா, டயர் செருப்பா, வெறுங்காலா? கைத்தடியின் நுனியில் பூண் இருக்கிறதா? பாப்பாவுக்குக் கொலுசு உண்டா? இதையெல்லாம் விவரிப்பில் ஒரு தடவை எழுதிவிடுங்கள்.

என் யோசனை: முதல் நாள் பாப்பாவின் காலடி வேகமாகக் கேட்கிறது, நிற்கிறது, காத்திருக்கிறது, மறுபடி ஓடுகிறது. தடியின் "டொக்" பின்னாலேயே வருகிறது. ரெண்டாம் நாள் ரெண்டும் ஒரே தாளத்தில் விழுகிறது. இதைச் சட்டையில் மாட்டும் மைக்கில் எடுக்க முடியாது, வேட்டி உரசுகிற சத்தமும் காற்றும்தான் வரும். ஷூட்டிங் முடிந்த அன்று சாயங்காலமே அதே மண்ணில் அதே ரெண்டு பேரையும் பத்து நிமிடம் நடக்கவிட்டுத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஓசூர் மாடியில் தட்டில் மணலைக் கொட்டி நடந்துகொண்டிருப்பீர்கள். நான் நடந்திருக்கிறேன்.

நடைவண்டி
எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன். நடிக்கப் போகிறவர் ஒரு தெருக்கூத்துக் கலைஞர், வயது 74. சிக்கல் என்னவென்றால் அவர் நடையே ராஜநடை! தளர்ந்து நடக்கச் சொன்னால் கூத்தில் வருகிற கிழவன் மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு நடுங்குகிறார்.

ஃபிரேம் பாலா
ரொம்ப சிம்பிள். களைப்புக் காட்சிகளை மத்தியானம் மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அவரை ரெண்டு கிலோமீட்டர் நடக்க விடுங்கள். தானாக வரும்.

ஊத்தங்கரை செல்வி
74 வயசுக்காரரை வெயிலில் நடக்கவிட்டுக் களைப்பைப் படம் பிடிப்பதா? உங்கள் வீட்டுப் பெரியவராக இருந்தால் செய்வீர்களா?

கத்திரி
செல்வி பக்கம்தான் நான். அதோடு அது தேவையும் இல்லை. அவர் ராஜநடையே நடக்கட்டும், கொஞ்சம் மெதுவாக. தளர்ச்சி தெரிய வேண்டியது பாப்பாவிடம். அவள் எத்தனை தடவை நின்று திரும்பிப் பார்க்கிறாள் என்பதில்தான் அவர் வேகம் நமக்குத் தெரியும். காட்சி 3-ல் ஒரு தடவை, காட்சி 6-ல் மூன்று தடவை, அப்புறம் திரும்பிப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் பக்கத்திலேயே நடக்கிறாள். பிள்ளையை இயக்குவது சுலபம். படியேறுகிற ஷாட்டெல்லாம் கீழ் இருபது படியிலேயே எடுத்துவிடலாம். உச்சிக்கு அவரை ஒரே ஒரு தடவை, அதிகாலையில், ஓய்வு கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

இனி காட்சி 6. "இருவரும் நடக்கிறார்கள்" என்று எழுதினால் அது அரை வரி. திரையில் ஒரு நிமிடம் ஓடும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு வசனப் படத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும், நடக்கிற படத்துக்கு உதவாது. உங்கள் ஒன்பது பக்கம் எழுதினபடியே எடுத்தால் பதினெட்டு நிமிடம் வரும். கையில் ஸ்டாப்வாட்சோடு அறையில் நீங்களே நடந்து பாருங்கள். நான் டீக்கடைக் காட்சியை அப்படி ஓட்டிப் பார்த்தேன், ஒரு நிமிடம் பத்து விநாடி.

அந்தச் சாலைக் காட்சியில் என்னதான் நடக்கிறது? யார் எந்தப் பக்கம் நடக்கிறார்கள்?

நடைவண்டி
அதை யோசிக்கவே இல்லை. ஆனால் தாத்தாவோடு போனால் எங்களை எப்போதும் மண் பக்கம் தள்ளிவிட்டு அவர் தார் பக்கம் நடப்பார்.

கத்திரி
அதுதான் உங்கள் படம்.

முதல் நாள் தாத்தா தார் பக்கம், பாப்பா மண் பக்கம். நடுவில் ஏதோ ஒன்று நடக்கிறது. அதற்கப்புறம் பாப்பா தார் பக்கம். யாரும் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. எழுதிக் காட்டுகிறேன்:

> காட்சி 6. வெளி. புளியமரச் சாலை. முற்பகல்.
> வண்டிகள் எதிரே வரும்படி சாலையின் வலது ஓரம். தாத்தா தார் விளிம்பில். பாப்பா அவருக்கு வலப்பக்கம், மண்ணில். காலடியில் புளியம் ஓடு நொறுங்குகிறது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர், ஸ்பீக்கரில் பாட்டு. டிரெய்லருக்கு வெளியே ரெண்டு பக்கமும் கரும்புத் தோகை நீட்டிக்கொண்டிருக்கிறது. பாப்பா ஒதுங்குகிறாள். தாத்தா ஒதுங்கவில்லை. தோகை அவர் தோளைத் தடவிக்கொண்டு போகிறது. துண்டு கீழே விழுகிறது. டிராக்டர் போய்விட்டது. பாட்டு தேய்கிறது. தாத்தா நின்ற இடத்திலேயே, டிராக்டர் வந்த திசையைப் பார்த்தபடி நிற்கிறார்.
> பாப்பா துண்டை எடுத்து உதறி அவர் தோளில் போடுகிறாள். நடக்கத் தொடங்கும்போது அவருக்குப் பின்னால் சுற்றித் தார்ப் பக்கம் வந்து சேர்ந்துகொள்கிறாள். தாத்தா ஒரு தடவை அவளைப் பார்க்கிறார். மண்ணுக்கு நகர்கிறார்.

அவருக்குக் கண் மங்கிவிட்டது என்றோ, காது கேட்கவில்லை என்றோ எங்கேயும் எழுதவில்லை.

ஃபிரேம் பாலா
சூப்பர். ஆனால் டெக்னிக்கலாக ஒரு தப்பு இருக்கு. ரெண்டு பேரும் இடம் மாறிவிட்டால் 180 டிகிரி ரூல் உடைந்துவிடும். முன்னாடி இடது பக்கம் இருந்தவர் வலது பக்கம் வந்துவிடுவார், ஆடியன்ஸ் குழம்புவார்கள்.

கத்திரி
பாதி சரி. குழப்பம் வரும், ஆனால் அந்த விதியால் இல்லை. ஆள் இடம் மாறுவதைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்வதில்லை. அவர்கள் போகிற கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது என்பதுதான் அது. கேமராவைக் கடைசிவரை வயல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அதாவது அவர்களுக்கு வலப்பக்கம். அப்படி வைத்தால் எப்போதும் திரையில் இடமிருந்து வலமாகவே நடப்பார்கள். முதல் பாதியில் பாப்பா நமக்குக் கிட்டே, தாத்தா அவளுக்குப் பின்னால், அவருக்கும் பின்னால் வண்டிகள். மாறின பிறகு தாத்தா நமக்குக் கிட்டே வந்துவிடுகிறார், பாப்பா அந்தப் பக்கம் வண்டிகளை ஒட்டி. திசை மாறவில்லை, ஆழம்தான் மாறுகிறது.

நீங்கள் சொன்ன குழப்பம் எப்போது வரும் என்றால், அந்த மாற்றம் திரைக்கு வெளியே நடந்தால். ஒரு ஷாட்டில் தாத்தா அந்தப் பக்கம், அடுத்த ஷாட்டில் இந்தப் பக்கம் என்றால் "கன்டின்யூட்டி மிஸ்டேக்" என்றுதான் நினைப்பார்கள். அதனால் துண்டை எடுப்பதிலிருந்து அவர் மண்ணுக்கு நகர்வது வரை வெட்டில்லாமல் ஒரே ஷாட். மூன்று டேக்கில் வராவிட்டாலும் நடுவில் க்ளோசப் போட்டு ஒட்டலாம் என்று போகாதீர்கள்.

மைக் மணி
டிராக்டர் பாட்டுக்கு உரிமை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றின அன்றே வீடியோவைத் தூக்கிவிடுவான். கூத்துக் கலைஞர்தான் கையில் இருக்கிறாரே, அவரையே நாலு வரி பாட வைத்து அதை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள்.

---

ஊத்தங்கரை செல்வி
9 வயசுப் பிள்ளை தாத்தாவைத் தள்ளிவிட்டுத் தார்ப் பக்கம் வருமா? அந்த வயசில் புளியங்காய் பொறுக்கப் போய்விடும். 13, 14 என்றால் நம்பலாம்.

ஆனால் அந்த வயசு வைத்தால் இன்னொன்று வரும், ஆண்கள் யாரும் இதுவரை சொல்லாததால் நானே சொல்கிறேன். ரெண்டு நாள் கோயில் நடைக்குப் பெண்பிள்ளையை அனுப்பும் முன் எங்கள் பக்கத்து வீடுகளில் தேதி கேட்காமல் விட மாட்டார்கள். அது சரியா தப்பா என்பது வேறு விஷயம், ஆனால் கேட்பார்கள். என்னைக் கேட்டார்கள். ஒரு வருஷம் அதனாலேயே போக முடியவில்லை, ஆயா மட்டும் போனாள்.

நடைவண்டி
அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை அக்கா. கதையே வேறு பக்கம் போய்விடாதா?

ஊத்தங்கரை செல்வி
காட்சி 1-ல் அம்மா நாள்காட்டியைப் பார்க்கட்டும். விரல்விட்டு எண்ணட்டும். பாப்பாவைப் பார்த்துத் தலையாட்டட்டும். பெண்களுக்குப் புரியும்.

கத்திரி
கேமராவால் எடுக்கக்கூடிய வரி! அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம் பாலா
எனக்கு அது தேவையில்லாத பாரமாகத்தான் படுகிறது. 12 நிமிடத்தில் ஒரு படம் எத்தனை விஷயத்தைத் தூக்கும்?

ஊத்தங்கரை செல்வி
நாலு விநாடிதான் தம்பி.

---

அரூரான்
இப்போதுதான் முழுசாகப் படித்தேன். நான் தீர்த்தமலைத் தேரை நாற்பது வருஷமாகப் பார்ப்பவன். முடிவைப் பற்றி யாரும் பேசவில்லையே. கோயிலுக்குள் ஒருவர் உயிர் போனால் என்ன நடக்கும் தெரியுமா? நடை சாத்திவிடுவார்கள். உடலை வெளியே கொண்டு போய், பரிகார பூஜை முடித்து, அப்புறம்தான் திறப்பார்கள். மாசித் திருவிழா நேரத்தில் அப்படி நடந்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கீழே காத்துக்கிடப்பார்கள். தம்பி அழகாகத் தண்ணீருக்கடியில் கண்ணை மூட வைக்கிறார், அந்த நிமிடத்திலிருந்து அது பேத்தியின் கதை இல்லை, அர்ச்சகர், போலீஸ், ஆம்புலன்ஸ், டோலி கட்டி இறக்குகிற ஆட்களின் கதை.

படப்பிடிப்புக்கு அறநிலையத் துறை அனுமதி கேட்கும்போது கதையைக் கேட்டாலும் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று. அனுமன் காசியிலிருந்து தீர்த்தம் கொண்டுவரத் தாமதமானதால் ராமர் அம்பு விட்டு மலையில் தண்ணீர் வரவழைத்தார், பிறகு வந்த அனுமன் வருத்தத்தில் தான் கொண்டுவந்ததை வீசினார், அது விழுந்த இடம்தான் அனுமன்தீர்த்தம். இந்தக் கதை உங்கள் ஸ்கிரிப்டில் இருக்கிறதா?

நடைவண்டி
இருக்கு ஐயா, காட்சி 2-ல் நடந்துகொண்டே தாத்தா முழுசாகச் சொல்கிறார். ஒரு பக்கம் வரும்.

கத்திரி
ராத்திரிக் காட்சிக்கு மாற்றுங்கள். அந்த ஆற்றங்கரையிலேயே படுத்திருக்கும்போது மூன்று வரியில் சொல்லட்டும். பாப்பா கேட்கட்டும்: "அவ்ளோ தூரம் தூக்கிக்கினு வந்த தண்ணிய எதுக்கு வீசணும்?" தாத்தாவிடம் பதில் இருக்கக் கூடாது. தூங்கிவிட்டிருக்கட்டும்.

முடிவுக்கு ஐயா சொன்னதை வைத்து ஒரு யோசனை. தாத்தா மேலே போகவே வேண்டாம். அடிவாரத்தில் முதல் படியில் உட்கார்ந்துவிடுகிறார். பாட்டிலைப் பாப்பாவிடம் கொடுக்கிறார். அவள் தனியாக ஏறி ராமர் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வருகிறாள். நடை பாதியில் நிற்கிறது, ஆனால் தண்ணீர் வந்து சேர்கிறது.

அரூரான்
அது எனக்குச் சம்மதமில்லை. ஐம்பது வருஷம் நடந்தவன் அடிவாரம் வரை வந்துவிட்டு உட்கார மாட்டான். தவழ்ந்தாவது ஏறுவான். ஏறித் தலையை நனைத்துவிட்டு இறங்கும்போதுதான் முட்டி விட்டுப்போகும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் வயசானவர்களுக்குச் சாவு.

ஊத்தங்கரை செல்வி
ஐயா சொல்வது உண்மை. எங்கள் ஆயா ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் திரும்பி, ரெண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்கினாள். நான் ஒரு படி கீழே நின்றுகொண்டு தோளைக் கொடுத்தேன். அப்புறம் வீட்டுக்கு பஸ்சில்தான் வந்தோம். பஸ்சில் ஏறினதும் ஆயா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஊர் வரும்வரை பேசவே இல்லை. நடந்து போனவள் பஸ்சில் திரும்புவது அதுதான் முதல் தடவை. நான்தான் டிக்கெட் எடுத்தேன்.

குரங்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பாப்பா பாட்டிலைத் துண்டுக்குள் சுற்றித்தான் கொண்டு வர வேண்டும்.

கத்திரி
செல்வி, இந்த பஸ்ஸை அவர் எடுத்துக்கொள்ளலாமா?

ஊத்தங்கரை செல்வி
தாராளமாக. ஆயா கேட்டால் சிரிப்பாள்.

---

நடைவண்டி
ரெண்டு வாரம் ஆச்சு. திரும்ப எழுதினேன். பாப்பாவுக்கு இப்போது 13. தாத்தா மேலே ஏறுகிறார் (அரூரான் ஐயா ஜெயித்தார்). கத்திரி அண்ணனின் அடிவார முடிவையும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், நடிகர் உடம்பைப் பார்த்து அன்றைக்கு முடிவு செய்யலாம் என்று. யாரும் சாகவில்லை. கடைசி ரெண்டு காட்சி:

> காட்சி 12. வெளி. மலைப் படிகள், கீழ்ப்பகுதி. காலை.
> தாத்தா பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிறார். தலைமுடி ஈரம். பாப்பா ஒரு படி கீழே, அவரை நோக்கி நின்று, பின்பக்கமாக இறங்குகிறாள். அவர் கை அவள் தோளில். கைத்தடி அவள் கையில். மேலே ஏறுகிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.

> காட்சி 13. உள். ஓடும் பஸ். முற்பகல்.
> தாத்தா ஜன்னலோரம். துண்டில் சுற்றின பாட்டில் பாப்பாவின் மடியில். வெளியே புளியமரங்கள் வேகமாக ஓடுகின்றன. டீக்கடை வருகிறது. கடைக்காரர் சாலையைப் பார்த்து நிற்கிறார். தாத்தா கையைத் தூக்குகிறார். பஸ் தாண்டிவிடுகிறது. கடைக்காரர் பார்த்தாரா தெரியவில்லை.
> கண்டக்டர் வருகிறார். தாத்தா இடுப்புப் பையைத் தேடுகிறார். பாப்பா காசை நீட்டுகிறாள்.
> பாப்பா: ரெண்டு.

ஓட்டிப் பார்த்தேன், மொத்தம் பதிமூன்று நிமிடம் வருகிறது. ஒரு நிமிடம் எங்கே வெட்டலாம்?

கத்திரி
கடைசிக் காட்சியில் "தெரியவில்லை" என்பதைக் கேமராவால் எடுக்க முடியாது 🙂 கடைக்காரர் முதுகைக் காட்டி நிற்கிறார் என்று எழுதுங்கள். மற்றபடி கையை வைக்க மாட்டேன். ஒரு நிமிடம் வேண்டுமென்றால் காட்சி 2 முழுவதையும் எடுத்துவிடுங்கள். கதையை ராத்திரிக்கு மாற்றின பிறகு அங்கே நடப்பதைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

ஃபிரேம் பாலா
கண்டக்டரை வெட்டலாம். கை தூக்குவதோடு முடித்தால் இன்னும் எமோஷனலாக இருக்கும்.

ஊத்தங்கரை செல்வி
கண்டக்டர் இருக்கட்டும்.

மைக் மணி
ஓடுகிற பஸ்சில் "ரெண்டு" என்ற ஒரு சொல் கேட்கவே கேட்காது. நிறுத்தின பஸ்சில் அவள் குரலைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டருக்கு ஆள் பிடித்தாச்சா? கரும்பு வெட்டு முடிந்துவிட்டால் அடுத்த வருஷம்தான்.

நடைவண்டி
பக்கத்து ஊரில் ஒருவர் சரி என்றிருக்கிறார். லோடு ஏற்றின பிறகு கூப்பிடுவாராம், கூப்பிட்ட அரை மணி நேரத்தில் நாங்கள் சாலையில் நிற்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவேன், ஆலையில் வரிசை போய்விடும் என்கிறார்.